மூணு எச்பியா, அஞ்சு எச்பியா? போர் மோட்டாரைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பது

சிங்கப்பூரில் நமக்கு ஆழ்துளைக் கிணறு தேவைப்படுவதில்லை. குழாயைத் திறந்தால் பியூபி தண்ணீர் வருகிறது. ஆனால் ஊரில் போர் போடுவதற்கும் மோட்டார் இறக்குவதற்கும் பணம் பெரும்பாலும் இங்கிருந்துதான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் நிற்கும்போது போன் வரும்: “மச்சான், கடைக்காரர் அஞ்சு எச்பி போடச் சொல்றாரு, போட்ருவமா?” பக்கத்துத் தோட்டத்தில் என்ன ஓடுகிறது என்பதை வைத்துத்தான் இதற்கு வழக்கமாகப் பதில் முடிவாகிறது. அதற்குப் பதிலாக மூன்று எண்களைக் கேட்டு வாங்கினால், கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டரிலேயே விடை வந்துவிடும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டில் போகிறது. சிவகங்கை மாவட்டத்தின் பாறைப் பகுதியில் ஒரு தென்னந்தோப்பு, 200 மரம். ஆறரை இன்ச் போர், 380 அடி ஆழம். மும்முனை மின்சாரம். சொட்டுநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். எண்கள் உங்கள் தோப்புக்கு மாறும், வழி மாறாது.

கணக்கின் அடிப்படை

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. அதை ஒரு மீட்டர் தூக்க 9.81 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு விநாடிக்கு இத்தனை லிட்டர், இத்தனை மீட்டர் உயரம் என்றால், தண்ணீருக்குள் போக வேண்டிய திறன் இது:

```
P = 9.81 × Q × H
```

P வாட்டில், Q ஒரு விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பதில், H மீட்டரில். இதைத்தான் நீர்த்திறன் என்கிறோம். பம்ப் ஒரு துளியும் வீணாக்காமல் வேலை செய்தால் இவ்வளவு போதும். உண்மையில் பம்ப் பாதி வரை வீணாக்கும். பம்ப்புக்குக் கொடுத்த திறனில் எத்தனை பங்கு தண்ணீருக்குப் போய்ச் சேருகிறதோ, அதுதான் அதன் திறனளவு. அதனால் மோட்டாரின் தண்டு, அதாவது ஷாஃப்ட், கொடுக்க வேண்டிய திறன்:

```
Ps = P / பம்ப் திறனளவு
```

ஒரு எச்பி என்பது 746 வாட். கணக்கு இவ்வளவுதான். ஆட்கள் சறுக்குவது இந்தச் சூத்திரத்தில் இல்லை, அதற்குள் போடும் மூன்று எண்களில்.

முதல் எண்: நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர்

கோடையில் ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு 75 லிட்டர் என்று வைத்தால், 200 மரத்துக்கு 15,000 லிட்டர். இரண்டரை மணி நேரத்தில் ஏற்றிவிட நினைத்தால் நிமிடத்துக்கு 100 லிட்டர், அதாவது விநாடிக்கு 1.667 லிட்டர். இது நம் ஆசை. போர் அதைக் கொடுக்குமா என்பது வேறு விஷயம்.

போர் போட்டவர் “மூணு இன்ச் தண்ணி” என்று சொல்லியிருப்பார். அது குழாயின் அளவு அல்ல. தண்ணீர் வெளியேறும் வாய்க்காலில், வி வடிவத்தில் 90 டிகிரிக்கு வெட்டிய வி-நாட்ச் பலகை வைத்து, அதில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்த அளவு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு இன்ச் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 8 அல்லது 9 லிட்டர்தான். இரண்டு இன்ச் என்றால் ஏறக்குறைய 48. மூன்று இன்ச் என்றால் 130க்கு மேல். இரண்டு மடங்கு இன்ச் என்றால் இரண்டு மடங்கு தண்ணீர் என்று நினைப்பவர் இங்கேயே ஏமாறுவார். தவிர, அந்த அளவு கம்ப்ரஸர் காற்றால் போரைக் கழுவும்போது எடுத்தது. மாதக்கணக்கில் ஓடும்போது போர் கொடுக்கும் அளவு அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

நம்பகமான வழி டிரம்தான். பழைய மோட்டாரோ வாடகை மோட்டாரோ போட்டு, குறைந்தது ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டிவிட்டு, 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 120 விநாடி என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர். மோட்டார் போட்டவுடனே எடுத்த அளவு உதவாது. போருக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் முதலில் வரும். ஊற்று கொடுப்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

இரண்டாம் எண்: உயரம்

அதிகம் பேர் தப்பு செய்வது இங்கேதான். போர் 380 அடி என்பதால் உயரம் 380 அடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மோட்டார் 230 அடியில் தொங்குவதால் 230 அடி என்று எடுப்பவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல. மோட்டாருக்கு மேலே நிற்கும் தண்ணீர் தானாகவே அந்த மட்டம் வரை குழாயில் ஏறி நிற்கும். அதை யாரும் தூக்க வேண்டியதில்லை. பம்ப் தூக்குவது, ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்துதான்.

மோட்டார் ஓடாதபோது இருப்பது நிலை நீர்மட்டம். நம் தோப்பில் அது 80 அடி, மீட்டரில் 24. ஓடத் தொடங்கியதும் மட்டம் கீழே இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும். அதுதான் நமக்கு வேண்டிய ஓடும் நீர்மட்டம். அதைக் கோடையில் எடுக்க வேண்டும்.

எடுப்பது எப்படி? மோட்டார் இறக்கும்போதே கூடவே மெல்லிய நைலான் டியூப் ஒன்றையும் கேபிளோடு கட்டி இறக்கிவிடச் சொல்லுங்கள். அதன் நுனி பம்ப்புக்குச் சற்று மேலே இருக்கட்டும். டியூப்பின் நீளத்தைச் சரியாக எழுதி வைக்க வேண்டும். மேல் நுனியில் ஒரு பிரஷர் கேஜும், சைக்கிள் பம்ப்பில் காற்றடிக்க ஒரு வால்வும். காற்றடிக்க அடிக்கக் கேஜ் முள் ஏறும். டியூப்பில் உள்ள தண்ணீர் முழுவதும் வெளியே தள்ளப்பட்டதும், எவ்வளவு அடித்தாலும் முள் அதற்கு மேல் ஏறாது. அந்த இடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ காட்டினால், டியூப் நுனிக்கு மேலே 10 மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். நம் எடுத்துக்காட்டில் டியூப் 68 மீட்டர், கேஜ் காட்டியது ஒரு கிலோ. அப்படியானால் ஓடும் நீர்மட்டம் 58 மீட்டர். போனில் கேட்பதென்றால் இப்படிக் கேளுங்கள்: “மாப்ள, மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுனப்புறம் டியூப்ல காத்தடி. முள்ளு நிக்கிற இடத்தை போட்டோ எடுத்து அனுப்பு.” வாயால் சொல்லும் எண்ணைவிட அந்தப் போட்டோ நம்பகமானது.

இதோடு தொட்டி வாய் தரையிலிருந்து 4 மீட்டர். மிச்சம் குழாயின் உராய்வு. போருக்குள் 70 மீட்டர், மேலே 4, தோப்புக்குள் 40, மொத்தம் 114 மீட்டர் குழாய். உள்விட்டம் 40 மில்லிமீட்டர் உள்ள ஒன்றரை இன்ச் பிளாஸ்டிக் குழாயில் நிமிடத்துக்கு 100 லிட்டர் போனால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 5.2 மீட்டர் உயரம் உராய்விலேயே போய்விடும். 114 மீட்டருக்கு 6 மீட்டர். நான்-ரிட்டர்ன் வால்வு, வளைவுகள், கேட் வால்வு எல்லாம் சேர்த்து 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

காசு மிச்சம் என்று உள்விட்டம் 32 மில்லிமீட்டர் உள்ள குழாயைப் போட்டால் என்ன ஆகும்? அதே 114 மீட்டரில் உராய்வு மட்டும் 17 மீட்டரைத் தாண்டும். விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, உராய்வு மூன்று மடங்கு. குழாயில் மிச்சம் பிடித்த காசு பெரிய பம்ப்பாக வந்து நிற்கும்.

நம் உயரம்: 58 + 4 + 8 = 70 மீட்டர்.

மூன்றாம் எண்: பம்ப்பின் திறனளவு

இந்த அளவு தண்ணீருக்கான சிறு சப்மெர்சிபிள் பம்ப்புகள் நல்ல நிலையில் 45 முதல் 55 சதவீதம் தரும். விவரம் எதுவும் கையில் இல்லையென்றால் 50 என்று வைத்துக் கணக்கிடுங்கள். அரைக் குதிரைத்திறன், முக்கால் குதிரைத்திறன் பம்ப்புகளில் இது இன்னும் குறையும். பெரிய ஆறு இன்ச் பம்ப்புகளில் 60க்கு மேலும் போகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெயர்ப் பலகையில் சில நேரம் ‘ஓவரால் எஃபிஷியன்ஸி’ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது பம்ப் மட்டும் அல்ல, பம்ப்பையும் மோட்டாரையும் பெருக்கிய விடை. பம்ப் 50 சதவீதம், மோட்டார் 72 சதவீதம் என்றால் ஓவரால் 36. மோட்டார் எச்பி என்பது அதன் தண்டில் வெளியே வரும் திறன், கம்பியிலிருந்து அது இழுக்கும் திறன் அல்ல. அதனால் எச்பி தேர்ந்தெடுக்கும்போது பம்ப் திறனளவால் மட்டும்தான் வகுக்க வேண்டும். மோட்டார் திறனளவு கேபிளுக்கும் மின் கணக்குக்கும் மட்டுமே. 36ஆல் வகுத்தவர் தேவையில்லாமல் ஒரு அளவு மேலே போய்விடுவார். எப்படி என்பது கீழே எண்ணாகவே தெரியும்.

இப்போது போட்டுப் பார்ப்போம்

```
P  = 9.81 × 1.667 × 70 = 1145
Ps = 1145 / 0.50       = 2290
2290 × 1.15            = 2633
2633 / 746             = 3.5
```

1.15 என்பது 15 சதவீத இடைவெளி. எதற்காக என்று பின்னால் வருகிறது. 3.5 எச்பி வேண்டும், 3 எச்பி போதாது. பல கடைகளில் அடுத்து கையில் இருப்பது 5 எச்பிதான். கடைக்காரர் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

இங்கேயே நிறுத்திவிடாமல் முதல் எண்ணுக்கு ஒருமுறை திரும்பிப் போக வேண்டும். 100 லிட்டர் என்பதை யார் சொன்னது? இரண்டரை மணி நேரம் என்று நாமே வைத்ததால் வந்தது. அதை மூன்று மணி நேரமாக்கி நிமிடத்துக்கு 85 லிட்டர் எடுத்தால் 15,300 லிட்டர் கிடைக்கும், மரங்களுக்குப் போதும். ஆனால் எடுக்கும் அளவு குறைந்ததும் இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்ந்து குறைகின்றன. ஓடும்போது மட்டம் 24 மீட்டரிலிருந்து 58க்கு, அதாவது 34 மீட்டர் இறங்கியது. 85 லிட்டர் எடுத்தால் ஏறக்குறைய அதே விகிதத்தில் 29 மீட்டர்தான் இறங்கும், மட்டம் 53இல் நிற்கும். பாறைப் போரில் இந்த விகிதம் துல்லியமாக இருக்காது. ஆனால் 15 சதவீத மாற்றத்துக்கு இந்த மதிப்பீடு போதும். உராய்வு 8 மீட்டரிலிருந்து 6 ஆகும். மொத்த உயரம் 53 + 4 + 6 = 63 மீட்டர்.

```
P  = 9.81 × 1.417 × 63 = 876
Ps = 876 / 0.50        = 1752
1752 × 1.15            = 2015
2015 / 746             = 2.7
```

3 எச்பி போதும். தண்ணீரைக் குறைத்தது 15 சதவீதம், திறன் குறைந்ததோ ஏறக்குறைய 24 சதவீதம். அரை மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் ஒரு அளவு சின்ன மோட்டார், அதற்கேற்ற ஸ்டார்ட்டர், கேபிள் எல்லாம் வந்துவிடும். கணக்கு இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்து நின்றால், மேலே தாவுவதற்கு முன்னால் ஓட்டும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். மின்சாரம் மூன்று மணி நேரம்கூட வராத ஊர் என்றால் மட்டும் இந்த வழி கிடையாது.

இதே 876ஐ, ஓவரால் எண்ணான 0.36ஆல் வகுத்திருந்தால் 2433 வரும். 15 சதவீதம் சேர்த்தால் 3.75 எச்பி. மறுபடியும் 5 எச்பி. அந்தப் பொறி இதுதான். விவசாய இணைப்பில் அனுமதித்த எச்பி எவ்வளவு என்பதும் ஒரு விஷயம். மூன்றுக்கு அனுமதி வாங்கிய இணைப்பில் ஐந்தைப் போடுவது தனித் தலைவலி.

பதினைந்து சதவீதம் எதற்கு

மழைக்காலத்தில் போரில் மட்டம் ஏறும். உயரம் குறைந்தால் மோட்டாருக்குச் சுமை குறையும் என்றுதான் தோன்றும். பம்ப் அப்படி நடப்பதில்லை. உயரம் குறைந்தால் அதிகத் தண்ணீரைத் தள்ளும். தனக்கு ஏற்ற புள்ளியை விட்டு விலகுவதால் திறனளவும் விழும். மொத்த உயரம் 41 மீட்டராகி, எந்த உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் பம்ப் வளைவுப்படி 115 லிட்டர் வருகிறது, திறனளவு 42 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்த்திறன் 771 வாட், 876ஐவிடக் குறைவு. ஆனால் 0.42ஆல் வகுத்தால் தண்டுத் திறன் 1836 வாட், கோடையைவிட அதிகம். ஆடி வரை நன்றாக ஓடிய மோட்டார், ஐப்பசியில் சுமை கூடினால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலேயில் விழுவதற்கு இது ஒரு காரணம். வைத்த இடைவெளி இதைத் தாங்கும். மின்னழுத்தம் குறையும்போதும் அதுவே கைகொடுக்கும். மழைக்காலத்தில் கேட் வால்வைக் கொஞ்சம் மூடி வைத்தாலும் பம்ப் தன் இடத்துக்குத் திரும்பும்.

கடையில் பம்ப்பைத் தேர்வது

எச்பியைச் சொல்லிப் பம்ப் வாங்கக் கூடாது. பம்ப்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரங்கள் அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வொரு அடுக்கும் ஒரு ஸ்டேஜ். 3 எச்பியிலேயே குறைந்த ஸ்டேஜ் உள்ளது நிறையத் தண்ணீரைக் கொஞ்ச உயரம் தூக்கும். அதிக ஸ்டேஜ் உள்ளது கொஞ்சத் தண்ணீரை நிறைய உயரம் தூக்கும். கேட்க வேண்டியது இப்படி: “63 மீட்டர் ஹெட்ல நிமிஷத்துக்கு 85 லிட்டர் தர்ற 3 எச்பி, எத்தனை ஸ்டேஜ்? டேபிளைக் காட்டுங்க.” அட்டவணையில் நம் புள்ளி நடுப்பகுதியில் விழ வேண்டும். இரண்டு ஓரங்களில் ஒன்றில் விழுந்தால் வேறு மாடல் பாருங்கள்.

விற்பவர் சொல்வது நடக்கக்கூடியதா என்று பார்க்கவும் அதே சூத்திரம் உதவும். “இந்த 3 எச்பி 70 மீட்டருக்கு நிமிஷத்துக்கு 200 லிட்டர் தரும்” என்றால், 200ஐ 60ஆல் வகுத்து 9.81ஆலும் 70ஆலும் பெருக்குங்கள். 2289 வாட் வரும். 3 எச்பி என்பதே 2238 வாட்தான். தண்டு கொடுப்பதைவிடத் தண்ணீர் அதிகம் பெறுகிறதாம்! இந்தியத் தரம் ஐஎஸ் 8034 முத்திரை உள்ள பம்ப்செட்டில் பலகை எண்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கும்.

இணையத்தில் தேடும்போது இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்க அட்டவணைகள் 60 ஹெர்ட்ஸுக்கு எழுதியவை. ஊரிலும் சிங்கப்பூரிலும் ஓடுவது 50 ஹெர்ட்ஸ். அதே பம்ப் 50இல் ஓடும்போது உயரம் 30 சதவீதம்வரை குறைந்துவிடும். அவர்களுடைய கேலன் 3.785 லிட்டர், பழைய பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். அதிலும் ஒரு குழப்பம்.

இறக்கும் ஆழமும் மின்சாரமும்

இறக்கும் ஆழத்தை முடிவு செய்வது ஓடும் நீர்மட்டம். அது 53 முதல் 58 என்றால் பம்ப்பை 70 மீட்டரில் தொங்கவிடுவது சரி. மட்டத்துக்கும் பம்ப்புக்கும் நடுவில் 10 மீட்டராவது இருக்கட்டும். போரின் அடிவரை இறக்கினால் சேறும் மணலும் உறிஞ்சும், மோட்டாரும் குளிராது.

மோட்டார் கம்பியிலிருந்து இழுப்பது 1752ஐ 0.72ஆல் வகுத்தால் 2433 வாட். மூன்று மணி நேரத்துக்கு ஏழே கால் யூனிட். 400 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் ஒரு முனைக்கு 4.4 ஆம்பியர். 100 மீட்டர் நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் போட்டால் வழியில் விழுவது 5 வோல்ட்டுக்குள்தான். ஊரில் 350 வோல்ட்தான் வருகிறது என்றால் ஆம்பியர் 5ஐ எட்டும். ரிலேயைப் பலகையில் உள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று ஏற்றி வைக்கக் கூடாது.

ஓட்டிய பிறகு

முதல் நாளே மூன்று எண்களை ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: டிரம் நிறையும் விநாடி, மூன்று முனைகளின் ஆம்பியர், டியூப் கேஜ் எண். கிளாம்ப் மீட்டர் இல்லையென்றால் ஊருக்குப் போகிறவரிடம் இங்கிருந்து ஒன்று கொடுத்தனுப்பலாம். 85 லிட்டருக்கு 200 லிட்டர் டிரம் சுமார் 140 விநாடியில் நிறைய வேண்டும்.

மாட்டிய அன்றே தண்ணீர் குறைவாக வந்தால் முதலில் சுழலும் திசையைப் பாருங்கள். மும்முனை மோட்டார் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும், வலுவில்லாமல் வரும். ஏதாவது இரண்டு முனைகளை மாற்றிப் போட்டு, டிரம் எதில் சீக்கிரம் நிறைகிறது என்று பார்த்து அதையே வைத்துக்கொள்ளலாம்.

மாதங்கள் கழித்து டிரம் 180 விநாடி எடுக்கிறது என்று போன் வந்தால், அடுத்துக் கேட்க வேண்டியது மற்ற இரண்டு எண்கள். கேஜ் எண்ணும் ஆம்பியரும் குறைந்திருந்தால் போரில் மட்டம் இறங்கியிருக்கிறது, மோட்டாரில் கோளாறு இல்லை. கேஜ் எண் குறையாமல் இருந்து ஆம்பியர் மட்டும் குறைந்திருந்தால் மணல் தின்ற இம்பெல்லரைச் சந்தேகிக்கலாம். ஆம்பியர் கூடி, வோல்ட் சரியாக இருந்தால் போருக்குள் குழாய் எங்காவது விரிசல் விட்டு தண்ணீர் திரும்ப உள்ளேயே கொட்டலாம், அல்லது பேரிங் பிடிக்கலாம். மோட்டாரை நிறுத்திய கையோடு போருக்குள் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். விரிசல் என்றால் தண்ணீர் கொட்டும் சத்தம் சில விநாடி கேட்கும். குழாயை மேலே இழுக்க ஆள் கூப்பிடுவது அதற்குப் பிறகு.